இரண்டு பதிவேடுகளுக்கு இடையே: தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் இடைநிற்றல்

பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்னும் வினாவுக்கு நம்மிடையே மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. வறுமை என்பார் ஒரு சாரார். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்னும் குடும்ப மனப்பான்மையே காரணம் என்பார் வேறொரு சாரார். வழியில் பாதுகாப்பு இல்லை என்பதே உண்மை என்பார் மூன்றாம் சாரார். மூன்றும் மெய்யே. எனினும், இவற்றைத் தனித்தனியே அடுக்கிச் சொல்லும்போது, ஒரே குடும்பத்தில் ஒரு பெண் ஐந்தாம் ஆண்டில் நிற்காமல், ஏழாவது ஆண்டில் ஏன் நின்றாள் என்பதற்கு விடை கிடைப்பதில்லை. வறுமை ஐந்தாம் ஆண்டிலும் இருந்தது; மனப்பான்மையும் இருந்தது. அப்படியாயின் ஏழாவது ஆண்டில் புதிதாக வந்தது யாது?

இக்கட்டுரை அந்த ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆராய்வதற்குரிய களம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. கெப்பாலா பத்தாஸ், தாசேக் குளுகோர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வட செபராங் பிறையில் மலாக்கோப், மேபீல்டு போன்ற இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களின் பெயர்களை இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகள் சுமந்து நிற்கின்றன. 1960களிலிருந்து 1980கள் வரை இத்தகைய தோட்டங்களில் வளர்ந்த பெண்பிள்ளைகள், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிறகு எங்கே போனார்கள் என்பதைப் பார்த்தால், மூன்று காரணங்களும் எந்த இடத்தில் ஒன்றோடொன்று பிணைகின்றன என்பது விளங்கும்.

வாசலில் இருந்த பள்ளி

முதலில், ஆறாம் ஆண்டு வரை அப்பெண் பள்ளியில் இருந்தது எதனால் என்று பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வசிக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் பொறுப்பை நிருவாகத்தின்மீது சுமத்தியது. அப்பள்ளிகள் பலவும் ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் கொண்ட எளிய கட்டடங்களே. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த காலமும் உண்டு. ஆயினும் அப்பள்ளிக்கு ஒரு சிறப்பு இருந்தது: அது லயத்தின் வாசலில் இருந்தது. பெண்பிள்ளை பேருந்து ஏற வேண்டியதில்லை. அந்நியர் நடமாடும் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. வழியெல்லாம் அறிந்த முகங்கள். இடைவேளையில் வீட்டுக்கு ஓடி, அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரவும் முடிந்தது.

ஆகவே அக்குடும்பத்தின் வறுமையும் பெண்கல்வி குறித்த ஐயமும் அந்த ஆறு ஆண்டுகளில் சோதனைக்கு உள்ளாகவே இல்லை. பள்ளிக்கு அனுப்புவதற்குக் கொடுக்க வேண்டிய விலை மிகக் குறைவாக இருந்தது. சோதனை தொடங்கியது பன்னிரண்டாம் வயது நிறைவுற்றபோதுதான்.

ஒரே ஆண்டில் நேர்ந்த நான்கு மாற்றங்கள்

1960களின் நடுப்பகுதியில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகள் அனைவரும் இடைநிலைக்குச் செல்லும் வழி திறந்தது. வழி திறந்த அதே இடத்தில் நான்கு மாற்றங்கள் ஒருசேர வந்து நின்றன.

முதலாவது, தொலைவு. தோட்டத்தில் இடைநிலைப்பள்ளி கிடையாது. கெப்பாலா பத்தாஸ் போன்ற சிற்றூருக்கோ, பட்டர்வொர்த் நகருக்கோ போக வேண்டும். லயத்திலிருந்து பெரிய சாலைவரை செம்மண் தடத்தில் நடை, பிறகு பேருந்து.

இரண்டாவது, புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, பயிற்றுமொழியில் தேர்ச்சி பெறுவதற்காக ஓராண்டு கூடுதலாகப் படிக்க வேண்டியிருந்தது. இந்த ஓராண்டின் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தேசியப் பள்ளியில் பயின்றவள் முதலாம் படிவத்தில் இருப்பது பதின்மூன்று வயதில். தமிழ்ப்பள்ளி மாணவி அவ்வகுப்பை எட்டுவது பதினான்கு வயதில். மூன்றாம் படிவத் தேர்வை அவள் எழுதுவது பதினாறில். ஐந்தாம் படிவத் தேர்வு பதினெட்டில். 1966ஆம் ஆண்டுச் சிறார், இளையர் வேலைவாய்ப்புச் சட்டம் அன்று பதினான்கு வயதுக்குட்பட்டோரைச் சிறார் என்றும், பதினான்கிலிருந்து பதினாறுக்குட்பட்டோரை இளையர் என்றும் பிரித்தது. ஆக, அவள் முதலாம் படிவ வாசலை மிதிக்கும் ஆண்டிலேயே, வேலைக்குப் போகக்கூடியவள் என்ற கணக்கிலும் வந்துவிடுகிறாள். அவள் இனியும் படிப்பதால் குடும்பம் இழப்பது ஒரு கூலி என்பது அந்த ஆண்டில்தான் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

மூன்றாவது, பூப்பு. பன்னிரண்டு, பதின்மூன்று வயது அதற்குரிய பருவம். சடங்கை முன்னிட்டுப் பெண்ணை வீட்டில் இருத்தும் நாள்கள் ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை நீண்டன. தமிழ்ப்பள்ளியில் இது சிறு இடைவெளி. தெரிந்த மொழியில் தெரிந்த ஆசிரியர் அதனை நிரப்பிவிடுவார். புகுமுக வகுப்பிலோ நாள்தோறும் புதுமொழி ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் மாணவிக்கு வகுப்பில் பேசப்படுவது புரிவதில்லை. புரியாத வகுப்பில் அமர்வதைவிட வீட்டில் இருப்பது எளிது என்று அவளே எண்ணத் தொடங்குகிறாள். சடங்கு முடிந்ததும் அவளைக் குறிக்கும் சொல்லும் மாறிவிடுகிறது. 'பெரிய பெண்' என்று அழைக்கப்படுபவளைச் சாலையோரத்தில் பேருந்துக்கு நிறுத்தி வைப்பதற்குத் தாய் தயங்குகிறாள்.

நான்காவது, நேரம். இடப்பற்றாக்குறையால் இடைநிலைப்பள்ளிகள் பல இரு வேளைகளாக நடந்தன. மேல்படிவங்களுக்குக் காலை, புகுமுக வகுப்புக்கும் கீழ்ப்படிவங்களுக்கும் மாலை. மாலை வேளைப் பள்ளி நண்பகலுக்குப் பின் தொடங்கிப் பொழுது சாயும் நேரத்தில் முடியும். நம் நாட்டில் ஏழரை மணியளவில் இருட்டிவிடுகிறது. பள்ளியிலேயே மிக இளைய மாணவியர்தாம் மிகப் பிந்திய பேருந்தில் இறங்கி, விளக்கில்லாத மரநிரைகளுக்கு ஊடே நடக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லப்படும் அச்சம், உண்மையில் இந்தக் கால்மணி அல்லது அரைமணி நேர நடையைப் பற்றியது.

ஒரு வீட்டின் நாள்கணக்கு

இந்நான்கும் ஒரு வீட்டில் எவ்வாறு வேலை செய்தன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இது குறிப்பிட்ட எவருடைய வரலாறும் அன்று. தோட்ட வேலையின் ஒழுங்கை வைத்து நாமே அமைத்துக்கொள்ளும் மாதிரி.

தாயும் தந்தையும் பால்மரம் சீவுகிறார்கள். பதின்மூன்று வயது மூத்த மகள் புகுமுக வகுப்பில் இருக்கிறாள். பத்து வயது மகன் தோட்டப் பள்ளியில் படிக்கிறான். இரண்டு வயதில் கடைக்குட்டி. காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் தாய் தன் நிரைக்குப் போகிறாள். மரங்களைச் சீவி முடித்து, பால் வடியும்வரை காத்திருந்து, மங்குகளிலிருந்து வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப ஒன்றரை மணி ஆகிறது. மகள் பள்ளிக்குப் புறப்பட வேண்டிய நேரம் பதினொன்றே முக்கால்.

காலையெல்லாம் குழந்தையை மகள் பார்த்துக்கொள்கிறாள். அந்த அளவில் மாலைப் பள்ளி குடும்பத்துக்கு வசதியாகவே தோன்றும். சிக்கல், பதினொன்றே முக்காலுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருக்கிறது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஒழுங்காக நடந்தால் இவ்விடைவெளி எழவே எழாது. ஆனால் 1950களில் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை நடந்த அத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். உடைந்த தோட்டங்களில் குத்தகைக்காரர் வழியாக ஆள் எடுக்கும் வழக்கம் பரவியது. பழைய நிருவாகம் நடத்திய கொட்டகையையும் மருந்தகத்தையும் புதிய சிறு முதலாளியிடம் எதிர்பார்க்க இயலவில்லை.

ஆகவே அவ்வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. 'படிப்பை நிறுத்திவிடு' என்று எவரும் சொல்வதில்லை. 'இன்றைக்கு மட்டும் இரு' என்கிறாள் தாய். முதலில் மாதத்தில் இரண்டு நாள். பிறகு மழைக்காலம் வருகிறது. மழை பெய்த காலையில் மரப்பட்டை ஈரமாக இருக்கும். காய்ந்த பிறகே சீவ முடியும். வேலை இரண்டு மணி நேரம் பிந்தித் தொடங்கினால், தாய் திரும்புவதும் அவ்வளவு பிந்தும். அன்று மகள் பள்ளிக்குப் போவது இயலாத செயல். நம் வடமேற்குப் பகுதியில் மழை மிகும் காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அக்காலத்தில் ஆண்டிறுதித் தேர்வும் அப்பொழுதுதான் வந்தது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வராதிருந்தவள், தேர்வுக் காலத்தில் தொடர்ந்து வராமற்போகிறாள். தேர்வில் மதிப்பெண் குறைகிறது. 'படிப்பு ஏறவில்லை, இனி எதற்கு?' என்று அப்பொழுதுதான் வீட்டில் பேச்சு எழுகிறது. அயலார் நம்மிடம் சொல்லும் காரணம் இந்தக் கடைசிச் சொல்லே. அதனை மட்டும் கேட்பவர், குடும்பத்துக்குப் பெண்கல்வியில் அக்கறையில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

பத்து வயது மகனை ஏன் நிறுத்தவில்லை என்னும் வினா எழலாம். குடும்பக் காரணம் என்பது இங்கேதான் தன் உருவைக் காட்டுகிறது. அவன் பதின்மூன்றை எட்டும்போதும் வறுமை இருக்கும்; தொலைவும் இருக்கும். ஆனால் குழந்தையைப் பார்ப்பது அவன் வேலை என்று எவரும் எண்ணுவதில்லை. இருட்டில் நடந்து வருவதால் அவன் பெயர் கெடும் என்றும் எண்ணுவதில்லை. குடும்பத்துக்கு நேர்ந்த இடர் பொதுவானது. அதனைச் சுமக்கும் ஆளைத் தெரிவு செய்வதில்தான் வழக்கம் தலையிடுகிறது.

அச்சத்தைப் பற்றி

பாதுகாப்பு என்னும் காரணத்தைச் சிலர் சாக்கு என்று ஒதுக்குவர். அது தவறு. பேருந்து நிறுத்தத்தில் தொந்தரவு செய்வோர் உண்டு. கூட்டமான பேருந்தில் சீண்டுவோர் உண்டு. இவற்றுள் ஒன்று நேர்ந்தால் மாணவி அதனை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் பள்ளி நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லாமல் வைத்திருந்தது பிறர் வாயிலாக வீட்டை எட்டும்போதோ, தவறு செய்தவனை விட்டுவிட்டு அவளையே வீட்டில் இருத்துகிறார்கள். காரணம் எளியது: சாலையைத் திருத்தும் ஆற்றல் பெற்றோரிடம் இல்லை, மகளை நிறுத்தும் ஆற்றல் மட்டுமே இருக்கிறது.

சாலையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பிறநாட்டுச் சான்று ஒன்று உண்டு. இந்தியாவின் பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் அளித்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் அதன் விளைவை அளந்தனர். உரிய வயதில் இடைநிலையில் சேர்ந்த பெண்களின் அளவு ஏறத்தாழ 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண், பெண் சேர்க்கைக்கு இடையே இருந்த இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே இப்பயன் மிகுதியாகக் காணப்பட்டது. பெற்றோரின் மனப்பான்மையை மாற்ற அங்கே எந்தப் பரப்புரையும் முதலில் தேவைப்படவில்லை. தொலைவு குறைந்தது, சாலையில் மிதிவண்டியில் கூட்டமாகச் செல்லும் பெண்கள் ஒருவருக்கொருவர் காவலானார்கள். முன்பு இயலாதிருந்ததைக் குடும்பமே விரும்பிச் செய்தது.

நம் மாநிலத்திலும் இதன் மறுபக்கம் ஒன்றைக் கண்டோம். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வளாகம் தொடங்கப்பட்டது. பிறையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களையே பெருமளவில் வேலைக்கு எடுத்தன. அவர்களை ஏற்றிச் செல்லத் தொழிற்சாலைப் பேருந்துகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்தன. இரவு வேலை முடிந்தாலும் வீட்டருகே கொண்டுவந்து இறக்கின. 'பொழுது சாய்ந்தபின் பெண் வெளியே போகலாகாது' என்றிருந்த குடும்பங்களே மகளை இரவு வேலைக்கு அனுப்பின. அவர்களுடைய கொள்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. வாசலுக்கு வந்த வண்டி அச்சத்தைப் போக்கியது. மாதச் சம்பளம் தயக்கத்தைப் போக்கியது. பள்ளிக்கு அத்தகைய வண்டி வந்திருந்தால் என்ற எண்ணம் இவ்விடத்தில் எழாமல் இராது.

பதின்மூன்றில் பள்ளியை விட்டவள் உடனே அத்தொழிற்சாலைக்குள் நுழைந்துவிடவும் இல்லை. அதற்குரிய வயது வரும்வரை சில ஆண்டுகள் வீட்டில் இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், தம்பி தங்கையரை வளர்த்தாள். தாய் முழு நிரையையும் சீவிக் கூலி பெற்றது மகளின் இந்த உழைப்பால்தான். ஆயினும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. இந்துக்கள் உள்ளிட்ட முஸ்லிம் அல்லாதார்க்கான திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, பொதுவாகப் பதினெட்டு வயதை எல்லையாக வைத்தது. மாநில முதல்வரின் உரிமத்தோடு பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அது இடம் தந்தது. அதற்கு முன்னர், வீட்டில் இருந்த அந்த ஆண்டுகள் நேரே மணவறைக்கு இட்டுச் செல்வது அரிதன்று.

பதிவேடு சொல்லாதது

இத்தகைய இடைநிற்றலை அறிந்துகொள்வது ஏன் கடினமாக இருந்தது? தமிழ்ப்பள்ளியின் பதிவேட்டில் அவள் ஆறாம் ஆண்டை நிறைவு செய்தவள்; அங்கே குறை ஏதுமில்லை. இடைநிலைப்பள்ளியின் பதிவேட்டில், ஒருநாளும் வாராதவளின் பெயர் வெறும் பெயராகவே நின்று, பின்னர் நீங்கிவிடும். ஒரு பள்ளி அவளை முடித்தவளாகக் கருதுகிறது. மற்றொரு பள்ளி அவளைத் தொடங்காதவளாகக் கருதுகிறது. நின்றவள் என்று இரண்டும் சொல்வதில்லை. 1970களின் தொடக்கத்தில் அரசு நடத்திய இடைநிற்றல் ஆய்வு, வறுமைக்கும் பள்ளியைக் கைவிடுவதற்கும் உள்ள உறவை வெளிப்படுத்தியது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. அது குடும்பத்தின் செலவில் ஒரு பகுதியை உண்மையாகவே குறைத்தது. ஆனால் நூல் செலவு, மேலே கண்ட ஒன்றே முக்கால் மணி நேரத்தை நிரப்புவதில்லை. இருட்டு வழியை வெளிச்சமாக்குவதுமில்லை. 2003இல் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டபோதும் அச்சட்டத்தின் எல்லை ஆறாம் ஆண்டோடு நின்றது. இடர் தொடங்கும் இடத்தில் சட்டம் முடிந்தது.

இன்று நிலை பெரிதும் மாறியிருக்கிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் ஆகிவிட்டன. நாட்டின் பல்கலைக்கழகங்களில் பெண்களின் எண்ணிக்கையே மிகுதி. பள்ளியை இடையில் விடுவோருள் ஆண்பிள்ளைகளைப் பற்றிய கவலையே இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. ஆயினும் மேலே கண்ட கணக்கு மலிவுவிலை அடுக்ககங்களிலும் பொருந்தும். தாய் பால்மரம் சீவுவதற்குப் பதிலாகத் தொழிற்சாலையில் வேளைமாற்றுப் பணி செய்கிறாள். நெரிசல் மிகுந்த பள்ளிகளில் கீழ்ப்படிவங்கள் மாலையில் நடக்கின்றன. வீட்டில் சிறு குழந்தையோ, படுக்கையில் பாட்டியோ இருக்கிறார். அத்தகைய வீட்டில், மூத்த மகளின் வருகைப் பதிவே முதலில் தளரும்.

எனவே ஆசிரியர் கவனிக்க வேண்டியது வராத நாள்களின் எண்ணிக்கையை மட்டுமன்று, அவற்றின் ஒழுங்கை. காய்ச்சலால் வராதவள் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராமல், பிறகு ஒழுங்காக வருவாள். வீட்டுப் பணிக்காக நிறுத்தப்படுபவள் ஒற்றை நாள்களாக, திரும்பத் திரும்ப, தாயின் வேலைமுறைக்கு ஏற்ப வராமலிருப்பாள். வழியில் தொந்தரவுக்கு உள்ளானவள், குறிப்பிட்ட பேருந்தைத் தவிர்ப்பதற்காகப் பிந்தி வருவாள். கூடுதல் வகுப்பு உள்ள நாளில் மட்டும் வரமாட்டாள். இம்மூன்று ஒழுங்குகளும் வருகைப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டுள்ளன. நாள்களையும் காலநிலையையும் வேலைமுறையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரியும். பெற்றோரிடம், 'ஏன் அனுப்பவில்லை?' என்று கேட்டால் வறுமை என்றோ, படிப்பு ஏறவில்லை என்றோ விடை வரும். 'நீங்கள் வீடு திரும்ப எத்தனை மணி ஆகிறது, அதுவரை குழந்தை யாரிடம் இருக்கிறது, மகள் எந்த வண்டியில் வருகிறாள்?' என்று கேட்டால் உண்மை நிலை வெளிப்படும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு மேலும் ஒரு பணி உண்டு. ஆறாம் ஆண்டில் விடைபெற்ற பெண்பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் அவரிடம் இருக்கிறது. புதிய கல்வியாண்டின் முதல் மாதத்தில், அப்பட்டியலை இடைநிலைப்பள்ளியின் வருகையோடு பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு பதிவேடுகளுக்கும் இடையே விழுந்தவள் யார் என்பது தெரிந்துவிடும். முதல் மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டவளை மீட்பதற்கு ஒரு பேருந்து ஏற்பாடோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்டை வீட்டாரோ போதும். ஆண்டு முடிந்த பின் கண்டுபிடிக்கப்பட்டவளுக்கோ, அவளுடைய உழைப்பையே நம்பி ஒரு குடும்பம் தன் நாளை அமைத்துக்கொண்டிருக்கும்.